உள்ளே தாழ்ப்பாள் இல்லாத கதவு

வில்லியனூர் ரயிலடிக்குத் தெற்கே இருந்த துணி ஆலையின் சமையற்கூடத்தில் நான் பதினான்கு வருஷம் வேலை பார்த்தேன். அதில் மூன்றாவது வருஷம் நடந்ததை எழுதுகிறேன். பிரெஞ்சுக்காரர் காலம். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு.

எங்களுடைய சொந்த ஊர் பாகூருக்குப் பக்கம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து கரும்பு வைத்திருந்தார்கள். ஒரு வருஷம் கரும்பு வண்டி குடை சாய்ந்து என் வீட்டுக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. தம்பி சைகோனுக்குக் காவல் வேலைக்குக் கப்பலேறினார். உழைக்க மிஞ்சியது நாங்கள் இரண்டு பெண்கள், நானும் தம்பி பெண்சாதியான என் ஓர்ப்படியும். ஆலையில் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டு வில்லியனூரில் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவளுக்கு இருபத்துநான்கு.

எனக்குப் படிக்கத் தெரியும். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்தவள். அவளுக்குத் தெரியாது. சைகோனிலிருந்து வரும் கடிதங்களை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். ஒரு கடிதத்தில் அவள் புருஷன், அங்கே ஒரு பெண்ணோடு குடும்பமாக இருப்பதாக எழுதியிருந்தார். அந்த நாலு வரியை நான் படிக்கவில்லை. முன்னும் பின்னும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் செய்தேன். ஆனால் அவள் அதைப் பெட்டியில் வைத்திருந்து, ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்த ஒரு சொல்தாவிடம் ஆசையாக மறுபடியும் படிக்கக் கொடுத்தாள். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் எல்லா வரியையும் படித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில் தூங்கி, ஒரே பாதையில் ஆலைக்கு நடந்து, ஒரே கூடத்தில் வேலை செய்தோம். அவள் முன்னே பத்தடி போவாள். நான் பின்னால் போவேன்.

அந்தக் கூடம் நீளமானது. கிழக்குக் கோடியில் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போகும் கதவு, அதை ஒட்டிப் பரிமாறும் பலகை, வெயிலுக்கு ஒரு மூங்கில் தட்டி. பலகாரச் சட்டி அடுப்பு அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சூடாக எடுத்துக் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது. மேற்குக் கோடியில் பின்கட்டுக்குப் போகும் கதவு. வடக்குச் சுவரில் மூன்று சன்னல்கள், மூன்றிலும் கட்டைவிரல் கனத்துக்கு இரும்புக் கம்பி. சன்னலுக்குக் கீழே ஆட்டுக்கல்கள். என் ஓர்ப்படி அங்கேதான் மாவரைப்பாள். நான் மேற்கே, சோற்று அண்டாக்களிடம்.

அடுப்புகள் விறகு அடுப்புகள் அல்ல. துணியின் பிசிறைச் சுட்டு எடுக்க ஆலையில் ஒரு மிஷின் உண்டு. அதற்காகப் பின்கட்டில் ஒரு கொட்டகையில் காஸ் உண்டாக்கினார்கள். ஒரு பீப்பாயில் பெட்ரோல் இருக்கும். கிணற்று ராட்டினம் போலச் சுற்றி ஒரு கனத்த எடையை மேலே ஏற்றிவிட்டால், அது மெல்ல இறங்கும்போது ஒரு உருளை சுழன்று காற்றைப் பெட்ரோல் வழியாகத் தள்ளும். பெட்ரோல் ஆவி கலந்த அந்தக் காற்றுதான் காஸ். அதிலிருந்து ஒரு குழாய் பிரித்து எங்கள் கூடத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அடுப்புக்கு அடுப்பு ஒரு திருகு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய திருகு, பின்கதவுக்கு வெளியே, கொட்டகைச் சுவரில்.

அந்தப் பின்கதவைத்தான் மானேசர் பூட்டிவிட்டார்.

அவர் வில்லியனூர்க் கடைத்தெரு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கூடத்திலிருந்து இரண்டு டின் கடலை எண்ணெய் காணாமல் போனது. ஆலையை நடத்திய வெள்ளைக்காரத் துரை அவரை எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டுவிட்டார். மறுநாளே பின்கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்து, வெளியே கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டார். காலையில் சாமான் வந்து இறங்கும்வரை திறந்திருக்கும். பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்தபின்தான் திறக்கும். சாவி அவருடைய அரைஞாணில்.

நெருப்பணைக்கும் சாமான்களைப் பார்த்துக்கொண்டவர் மிஷின், குழாய் பழுது பார்க்கும் ஒரு பிட்டர். என் வயதுதான் இருக்கும். சைகோன் துறைமுகத்தில் நெருப்பணைக்கும் படையில் இருந்தவர். எடுத்தெறிந்து பேசுவார். யாருக்கும் அவரைப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள் என்று ஆலை அவரை எங்களுக்கு நெருப்பணைக்கப் பழக்கம் கொடுக்கச் சொன்னது. படிக்கத் தெரியும் என்பதால் பெண்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

கூடத்தில் இரண்டு சாமான்கள் மாட்டியிருந்தன. ஒன்று சிவப்புக் கூம்பு. உள்ளே சோடா கரைத்த தண்ணீரும் ஒரு கண்ணாடிக் குப்பியில் திராவகமும் இருக்கும். குமிழை ஓங்கித் தட்டிக் கவிழ்த்தால் குப்பி உடைந்து, இரண்டும் பொங்கித் தண்ணீர் பீச்சியடிக்கும்.

"இது கட்டை, துணி, காயிதம் எரிஞ்சா. எண்ணெ எரிஞ்சா இதத் தொடாத" என்றார் பிட்டர்.

"தொட்டா இன்னா ஆவும்?"

"எண்ணெக்குள்ள தண்ணி எறங்குனா ஒரே நொடில ஆவியாப் பூடும். போறப்போ எண்ணெய வாரிக்கினு போவும், நெருப்போட. கூரைய முட்டும் யக்கா."

இன்னொன்று கைப்பிடி வைத்த சின்னப் பித்தளைப் பம்பு. அதில் ஒரு மருந்து. வாசம் வண்ணான் கறை எடுக்கும் சரக்கு மாதிரி இனிப்பாக இருக்கும். கைப்பிடியைத் திருகி விடுவித்து, முன்னும் பின்னும் அடித்தால் மெல்லிய தாரையாக வரும். எண்ணெய்க்கும் மின்சாரக் கம்பிக்கும் அடிக்கலாம்.

"ஆனா இத மூடுன எடத்துல அடிக்காத" என்றார். "சூடான இரும்புல பட்டா விஷக்காத்தாயிடும். கப்பல் அடித்தட்டுல ஒருத்தன் அடிச்சான். அடிச்சிட்டு மேல வந்து பீடி குடிச்சான். மறுநாள் இல்ல. கதவு தொறந்திருந்தா அடி. அடிச்ச ஒடனே வெளிய ஓடு."

"அப்போ எண்ணெ எரிஞ்சா நாங்க இன்னாதான் பண்றது?"

"கீழ காஸ நிறுத்து. மேல மூடு. மூடிட்டு, ஆறுற வரைக்கும் தொறந்து பாக்காத. அவ்ளோதான்."

எண்ணெய்க் கிடங்கில் நுரை கக்கும் பெரிய குடுவை ஒன்று இருந்தது. தரையில் கொட்டி எரியும் எண்ணெய்க்கு அதுதான் சரி, நேரே அடிக்காமல் ஓரத்தில் பட்டு வழிந்து மூட விடவேண்டும் என்று காட்டினார். அதைப் போல ஒன்று கூடத்துக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வரவில்லை.

இதையெல்லாம் நான் பெண்களுக்குச் சொன்னேன். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பம்பைக் கையில் கொடுத்துச் சொன்னேன். என் ஓர்ப்படி ஆட்டுக்கல்லில் மாவரைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் வரமாட்டாள், எல்லார் முன்னாலும் எனக்கு அவமானம். கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். பம்பு எப்படி அடிப்பது என்பது அவள் காதில் விழுந்திருக்கும். விஷக்காற்று என்று நான் சொன்னபோது கல் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. விழுந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் ஒத்திகை ஒரு வெள்ளிக்கிழமை காலை. வெளியே தண்டவாளத் துண்டைப் பிட்டர் அடித்தார். நாங்கள் ஒன்பது பேர். பலகாரக்காரர் அடுப்புத் திருகுகளை மூடவேண்டும். காய் நறுக்குகிறவர் பின்கதவு வழியாக ஓடிப் பெரிய திருகை மூடவேண்டும். அரிசி களையும் கிழவியைக் கைபிடித்து இன்னொருத்தி கூட்டிப்போகவேண்டும். நான் கடைசியாக வந்து, பஞ்சுப் பொதி இறக்கும் மேடை அருகே தலையெண்ணவேண்டும். அப்படித்தான் சொல்லியிருந்தார்.

காய் நறுக்குகிறவர் பின்கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. அவர் திரும்பிக் கிழக்கே ஓடிவர, கிழக்கே போனவர்கள் பரிமாறும் பலகையிடம் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்ள, ஒரு கதவு வழியாக ஒன்பது பேரும் வெளியே வந்து சேர்ந்தபோது பிட்டர் தன் கடிகாரத்தை மூடிப் பையில் போட்டார்.

"பின்கதவு இன்னாச்சு?"

"பூட்டிக்கீது" என்றேன்.

"அந்தப் பலகாரச் சட்டி பத்திக்கிச்சின்னா இந்தப் பக்கம் ஒருத்தர் வர முடியாது. தெரியுதா? இன்னிக்கு உங்க ஒம்போது பேரையும் எரிச்சாச்சு."

கிழவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நேராக மானேசரிடம் போனார். நானும் பின்னால் போனேன், தலையெண்ணியவள் என்பதால்.

மானேசர் பொறுமையாகக் கேட்டார். "வாஸ்தவம்தான்பா. ஆனா தொறந்து வுட்டா எண்ணெ போவுது. துரை என்னக் கேக்கறாரு. உன்னக் கேக்கறாரா?"

"உள்ளார தாப்பா போடுங்க. பூட்டு வேணாம்."

"தாப்பா போட்டா உள்ள இருக்கறவங்க தொறந்துடுவாங்க இல்ல?"

"அதுக்குத்தாங்க தாப்பா."

மானேசர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. உங்க சனத்துல யாரு எடுத்தாங்கன்னு சொல்லிடு. இன்னிக்கே பூட்ட எடுத்துடறேன்."

எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியாது. பூட்டு அப்படியே இருந்தது. அதன்பிறகு மாதாமாதம் ஒத்திகை நடந்தபோதெல்லாம் ஒத்திகைக்காக மட்டும் மானேசர் வந்து பூட்டைத் திறந்துவிட்டு நிற்பார். நாங்கள் இரண்டு கதவாலும் சீராக வெளியே வருவோம். முடிந்ததும் பூட்டுவார். கொண்டியில் பூட்டு விழும் சத்தம் உள்ளே கேட்கும். சன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டே அரிசி உலையில் போடுவேன்.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் பெட்ரோல் வாசம் அடித்தது. முட்டிக்குக் கீழே குனிந்தால் இன்னும் அதிகம். பலகாரக்காரர் தீப்பெட்டியை எடுத்தார். குழாயில் எங்கே கசிகிறது என்று குச்சியைக் காட்டிப் பார்க்கலாம் என்றார்.

"வேணாண்ணே, அத உள்ள வைங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்கதவு அந்த நேரத்தில் திறந்திருந்தது. இரண்டு கதவையும் விரியத் திறந்து எல்லாரையும் வெளியே அனுப்பி, பெரிய திருகை மூடினோம். பிட்டர் வந்து சோப்புத் தண்ணீரைக் குழைத்துத் துணியால் மூட்டு மூட்டாகத் தடவினார். மூன்றாவது அடுப்பின் திருகில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. அதைக் கழற்றிச் சணல் சுற்றி இறுக்கினார். மறுபடி தடவிப் பார்த்து, குமிழி வரவில்லை என்றபின்னும் ஒரு மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை.

"பூட்டினதுக்கு அப்பறம் கசிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் சணல் நாரைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "உன் மானேசரக் கேளு" என்றார்.

கேட்டேன். பெண்பிள்ளை தனியாகப் போய்க் கேட்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. சாவியின் நகல் ஒன்றையாவது உள்ளே ஆணியில் மாட்டும்படி கேட்டேன். "யோசிக்கிறேம்மா" என்றார். வேலையை விட்டுவிடலாம் என்று அன்று நடந்துபோகும்போது நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, "ரவ சீக்கிரம் உலை வையி" என்றார். விடவில்லை.

அது மாசி மாதம். பிரான்சிலிருந்து பெரிய துரை வருகிறார், ரயிலில் இறங்குகிறார் என்று ஆலை முழுக்கப் பரபரப்பு. விருந்துக்கு வடையும் அதிரசமும். மானேசர் மாலையோடு ரயிலடிக்குப் போய்விட்டார். காலை பத்து மணி இருக்கும். பின்கதவு பூட்டியாகிவிட்டது. முதல் ஈடு வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டு பலகாரக்காரர் துரையின் பங்களாவுக்குப் போனார். இதோ வந்துவிடுகிறேன் என்று அடுப்பை எரியவிட்டே போனார். பங்களாவில் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

நான் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். சட்டியிலிருந்து நீலமாகப் புகை கிளம்புவதைப் பார்த்தவள் கிழவிதான். "யாரு, அந்த அடுப்ப அமத்துங்கடி" என்றாள். நான் வடிதட்டைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் புகை கட்டியாகி, எண்ணெயின் மேல்பரப்பு முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது. பொறி எதுவும் விழவில்லை. தானாகவே பற்றியது.

காய் நறுக்குகிறவர் பக்கத்தில் இருந்தார். மாதாமாதம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. காய் கழுவிய சொம்புத் தண்ணீரை எடுத்து வீசினார். நான் "வேணாம்" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. இடி மாதிரி ஒரு சத்தம். நெருப்பு கூரை ஓடுவரைக்கும் எழும்பியது. எண்ணெய் துளித்துளியாகப் பறந்து பரிமாறும் பலகையிலும் மூங்கில் தட்டியிலும் விழுந்து அவையும் பிடித்துக்கொண்டன. அவர் முழங்கை வெந்துபோய் எங்கள் பக்கம் விழுந்தார். கிழக்குக் கதவு நெருப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

மற்றவர்கள் மேற்கே ஓடினார்கள். பூட்டியிருக்கிறது என்று தெரிந்தும் கதவை அடித்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கால் நகரவில்லை. கதவு, கம்பி, நெருப்பு என்று மூன்றையும் பார்த்தேன். இத்தனை மாதமாகத் தினமும் நினைத்துப் பயந்தது இதைத்தான். அது வந்தபோது எனக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை.

நெருப்பின் பக்கம் ஓடியது என் ஓர்ப்படி ஒருத்திதான். ஆட்டுக்கல்லுக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த பித்தளைப் பம்பை எடுத்து, நான் மற்றவர்களுக்குக் காட்டியபடியே கைப்பிடியைத் திருகி, சட்டியைப் பார்த்து அடித்தாள். நன்றாக அடித்தாள். நெருப்பு ஒரு நொடி அணைந்தது. கீழே காஸ் எரிந்துகொண்டிருந்ததால் எண்ணெய் மறுபடி பற்றியது. மறுபடி அடித்தாள். இனிப்பு வாசம் போய், கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கிட்டே முகர்ந்தது போல ஒரு காரம் கூடம் முழுவதும் பரவியது. எல்லாரும் இருமத் தொடங்கினார்கள்.

"வுட்டுட்டு வாடி, அது விஷம்" என்றேன். ஒரு வருஷத்தில் நான் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பம்பு காலியாகும்வரை அடித்துவிட்டுத்தான் கீழே போட்டாள்.

நான் உலக்கையை எடுத்துப் பின்கதவில் இடித்தேன். "காஸ நிறுத்து, காஸ நிறுத்து" என்று மட்டும் கத்தினேன். கதவைத் திற என்று கத்தவில்லை. முதலில் காஸ் என்று அத்தனை தடவை சொல்லிச் சொல்லி அதுதான் வாயில் வந்தது. காஸ் கொட்டகையில் எடையைச் சுற்றிக்கொண்டிருந்த பிட்டர் அதைக் கேட்டார். சட்டிக்கு அடியில் இருந்த நீலச் சுடர் சுருங்கி அணைவதைப் பார்த்தேன். மேலே எண்ணெய் இன்னும் எரிந்தது.

"மூடணும்" என்றேன்.

சோற்று அண்டாவின் மூடி பித்தளை. இரண்டு பேர் தூக்கும் கனம். நான் ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கத்தை யார் பிடித்தார்கள் என்று பார்க்கவில்லை, பிறகுதான் அது அவள் என்று தெரிந்தது. மூடியைக் கேடயம் மாதிரி எங்கள் முன்னால் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நடந்து, சட்டியின் எங்கள் பக்க விளிம்பில் சாய்த்து, அப்படியே மெல்ல அந்தப் பக்கம் இறக்கினோம். நெருப்பு ஓரங்களில் நாக்கை நீட்டிவிட்டு உள்ளே அடங்கியது. என் புருவம் கருகியது அப்போதுதான். மூடியை மறுபடி தொடவில்லை.

பலகையும் தட்டியும் எரிந்துகொண்டிருந்தன. அது கட்டை. அதற்குத் தண்ணீர் அடிக்கலாம். சிவப்புக் கூம்பை எடுத்துக் குமிழைத் தரையில் ஓங்கி இடித்தேன். கவிழ்த்துப் பிடித்தபோது அது என் கையில் உயிருள்ளதுபோல உதறியது. தட்டியின் அடியிலிருந்து மேலே அடித்தேன். ஒரு நிமிஷத்துக்குமேல் வராது என்று தெரியும். தட்டி அணைந்தது. கதவு வழியை மறித்து எரிந்த பலகை அணையவில்லை. தண்ணீர் நின்றுவிட்டது.

திரும்பினால் மற்றவர்கள் தரையில் குந்தி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். புகை வந்தால் தாழ இரு என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். வெளியே சன்னலருகே பிட்டரின் குரல் கேட்டது.

"பம்பு அடிச்சீங்களா?"

"அடிச்சாச்சு."

"அப்போ கீழ குந்தாதீங்க. அந்தக் காத்து கீழதான் தங்கும். எழுந்து கம்பிகிட்ட வாங்க. மூஞ்ச வெளிய வச்சிக்கங்க. கதவ நான் பாத்துக்கறேன்."

ஆட்டுக்கல்லின்மேல் ஏறி நின்று, கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்து அழுத்தினோம். கிழவியை இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். வெளியே வெயில். எதிரே மதிலில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. தலை போகாது, மூக்கு மட்டும்தான் போகும். என் கன்னத்தில் கம்பியின் துரு ஒட்டியது. பின்னால் பலகை வெடிக்கும் சத்தம். கதவில் கடப்பாரை விழும் சத்தம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் ஓர்ப்படிக்கு இடம் போதவில்லை. அவள் எனக்குப் பின்னால் நின்று இருமிக்கொண்டிருந்தாள். நான் நகர்ந்து அவளை முன்னே விட்டேன். சீக்கிரம் விடவில்லை. முதலில் நான் சில மூச்சு இழுத்துக்கொண்டேன். அந்தச் சில மூச்சு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

கொண்டி பிய்ந்து கதவு திறந்தது. பஞ்சுப் பொதி மேடையிடம் போய் நான் தலையெண்ணினேன். எட்டு. பலகாரக்காரர் பங்களாவில் இருக்கிறார், ஒன்பது. பிட்டர் நுரைக் குடுவையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கொட்டகை வழியாகப் போய்ப் பலகையையும் தரையில் கிடந்த எண்ணெயையும் அணைத்தார். அப்போது ரயிலடியிலிருந்து மானேசர் ஓடிவந்தார். செருப்பு ஒன்று இல்லை. அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்ற வராமல் இழுத்துக்கொண்டிருந்தார். "சாவி இந்தா, சாவி இந்தா" என்று திறந்து கிடந்த கதவுக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

காய் நறுக்குகிறவரின் கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். என் ஓர்ப்படி மேடையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்தாள். இருமல்கூட நின்றுவிட்டது. பிட்டர் அவளிடம் வந்து, "நீதான் அடிச்சியா? ஆஸ்பத்திரிக்குப் போயிடு. இப்பவே" என்றார். அவள், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். கப்பல் அடித்தட்டில் பீடி குடித்தவன் கதை எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறினாள். மறுபடி பிடித்தேன். "ஒன்னப் பேசச் சொல்லல. கூட வா, போதும்" என்றேன். மானேசர் துரைக்காக வந்திருந்த மோட்டாரையே கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூலக்குளத்தைத் தாண்டினோம், அங்கே அப்போது வயலும் நாலைந்து வீடுகளும்தான். அவள் சிரித்த முகமாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். மோட்டாரில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடியும்போது அவளால் மூச்சு விட முடியவில்லை. உதடு நீலமாகி, நுரை கக்கினாள். ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிழைத்தாள். நிமிர்த்தி உட்காரவைத்துப் பிராணவாயு கொடுத்தார்கள். பதினெட்டு நாள் அங்கே இருந்தோம். கட்டிலுக்கு அடியில் நான் படுத்தேன்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய துரை பிரெஞ்சில் கேட்க, துபாஷ் தமிழில் சொன்னார். மானேசர் சுவரோரம் நின்றார். கதவு பூட்டியிருந்ததா என்று கேட்டார்கள். வேலை போனால் இரண்டு நோயாளிகளோடு நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். பிறகு, "பூட்டியிருந்தது. ஒத்திகைக்கு மட்டும் திறப்பாங்க" என்றேன். பம்பை மூடின இடத்தில் அடிக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டதா என்று அடுத்துக் கேட்டார்கள்.

"எல்லாருக்கும் சொன்னேன்" என்றேன்.

துபாஷ் அதை அப்படியே சொன்னார். துரை எழுதிக்கொண்டார். அது பொய்யில்லை என்று வீடு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளிடம் சொன்னது சித்திரையில். அவள் வாசல் தாண்டி முருங்கைமரம்வரை போய்வரவே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவாள். அப்படி ஒருமுறை நின்றபோது சொன்னேன். "அந்த மருந்து விஷம்னு எனக்குத் தெரியும். ஒங்கிட்ட வந்து சொல்லல."

அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சீராக்கிக்கொண்டாள். "அதையும் படிக்காம வுட்டுட்ட" என்றாள். கொஞ்சம் கழித்து, "சொல்லியிருந்தாலும் அடிச்சிருப்பேன். வேற இன்னா இருந்துச்சு அங்க" என்றாள். எது அவள் மனசில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே இருந்திருக்கலாம்.

பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார்கள். பலகாரச் சட்டி கூடத்தின் நடுவுக்கு வந்தது. பித்தளைப் பம்பை எடுத்துவிட்டு நுரைக் குடுவை வைத்தார்கள். சட்டியின் கைக்கெட்டும் தூரத்தில் தகர மூடி ஒன்று தொங்கியது. மானேசரைக் கணக்கு அறைக்கு மாற்றினார்கள். பிட்டர் மறுவருஷம் காரைக்காலுக்குப் போய்விட்டார். ஒத்திகையை என்னிடமே விட்டார்கள்.

என்னால் வேலையை விட முடியவில்லை. இப்போது சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். கதவு திறந்திருந்தும் அந்தக் கூடத்தில் காலையில் நுழையும்போது எனக்கு மூச்சு அடைக்கும். சன்னலோரமாகவே நின்று வேலை செய்வேன். மாதம் ஒருமுறை தண்டவாளத் துண்டை அடித்து, எல்லாரையும் வெளியே அனுப்பி, கடைசியாக நான் வருவேன். கடைசியாக வருவதற்கு ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் காஸ் நின்று விறகு அடுப்பு வந்தது. புதிதாக வந்த பெண்களுக்கு அதற்கு ஏற்றபடி வேறு மாதிரி சொல்லித்தரவேண்டியிருந்தது. ஓர்ப்படி திண்டில் சாய்ந்தபடி வீட்டிலேயே இருந்தாள். ஒத்திகை நாளில் சாயங்காலம் நான் போனதும், "இன்னிக்கு மணி அடிச்சியா?" என்று கேட்பாள்.

"அடிச்சேன்."

"எல்லாரும் வந்தாங்களா?"

"வந்தாங்க" என்பேன். நான் கால் கழுவிவிட்டு உலை வைக்கப் போவேன்.